வாட்டர் பியூரிஃபையர் ஏ.எம்.சி. எடுக்கலாமா? உங்க வீட்டு நோட்டுதான் பதில் சொல்லணும்



"சார், உங்க பியூரிஃபையர் ஏ.எம்.சி. இந்த மாசத்தோட முடியுது. இன்னிக்கே ரெனியூ பண்ணா டிஸ்கவுன்ட் இருக்கு." இந்த போன் உங்களுக்கும் வந்திருக்கும். பாதிப் பேர் பயந்துபோய் உடனே ஜிபே பண்ணிடுவாங்க. மீதிப் பேர் "இதெல்லாம் ஏமாத்து வேலை"ன்னு கட் பண்ணிடுவாங்க. ரெண்டு பேருமே குத்துமதிப்பாத்தான் முடிவு எடுக்கறாங்க. உங்க வீட்டுல ஃபில்டர் எத்தனை மாசம் தாங்குது, மெம்ப்ரேன் எத்தனை மாசம் தாங்குதுன்னு ஒரு வருஷக் கணக்கு கையில இல்லாம அந்தக் கேள்விக்கு யாராலயும் பதில் சொல்ல முடியாது. இதுதான் என் கருத்து.

"அதுக்கென்ன, மொபைல்ல ரிமைண்டர் போட்டுட்டாப் போச்சு"ன்னு நினைக்கலாம். அங்கதான் பிரச்சனை ஆரம்பிக்குது. ஃபில்டர், ஏசி, கெய்சர், கரப்பான் மருந்து எல்லாம் ஒரே மாதிரி நாள் எண்ணுறது கிடையாது.

லாரிக்காரர் கணக்கு

நாமக்கல், சேலம் பக்கம் இருக்கறவங்களுக்கு இதை லாரியை வச்சே சொல்லிடலாம். வண்டி வச்சிருக்கிற யாரையாவது கேளுங்க. எஃப்.சி., இன்சூரன்ஸ் ரெண்டும் தேதி கணக்கு. வண்டி ஓடினாலும் நின்னாலும் அந்த நாள் வந்தா செஞ்சாகணும். எட்டு வயசு வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு எஃப்.சி., அதுக்கப்புறம் வருஷா வருஷம். எஞ்சின் ஆயில் கிலோமீட்டர் கணக்கு. போன தடவை மாத்தினதுல இருந்து எவ்வளவு ஓடியிருக்குன்னுதான் பார்ப்பாங்க. டயருக்கு இது ரெண்டுமே கிடையாது. பட்டன் தேஞ்சிருக்கான்னு கண்ணால பார்த்து முடிவு பண்ணுவாங்க. "ஆறு மாசம் ஆச்சு, டயரை மாத்திடுவோம்"னு எந்த ஓனரும் சொல்ல மாட்டார். "எஃப்.சி. தேதி தாண்டிருச்சு, ஆனா வண்டி நல்லாத்தானே ஓடுது"ன்னும் சொல்ல மாட்டார்.

வீட்டுக்கும் இதே மூணு கணக்குதான். எதுக்கு எந்தக் கணக்குன்னு பிரிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: இது கெட்டுப்போச்சுன்னா எனக்குத் தெரியுமா? பார்த்தோ, அளந்தோ தெரிஞ்சுக்க முடியும்னா அளவை வச்சு மாத்துங்க. தெரியவே தெரியாதுன்னா தேதியை வச்சு மாத்துங்க, ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீங்க.

கேஸ் ஸ்டவ்வோட ரப்பர் ஹோஸை எடுத்துக்கோங்க. உள்ளுக்குள்ள விரிசல் விடறது வெளிய தெரியாது. ஆயுள் அஞ்சு வருஷம், ஹோஸ் மேலயே வருஷம் அச்சடிச்சிருக்கும். அது தேதி கணக்கு, நல்லா இருக்கிற மாதிரி தெரிஞ்சாலும் மாத்திடணும். ஆனா பியூரிஃபையருக்கு வெளிய மாட்டியிருக்கிற ப்ரீ ஃபில்டர்ல கண்ணாடி மாதிரி டப்பாவுக்குள்ள வெள்ளையா ஒரு ஸ்பன் கேண்டில் இருக்கும் இல்லையா? அது அழுக்காயிடுச்சான்னு நேரா தெரியுது. மூணு மாசம்னு ஸ்டிக்கர்ல இருந்தாலும் இன்னும் வெள்ளையாவே இருந்தா நாலு மாசம் விடலாம். ஆறே வாரத்துல செம்மண் கலர்ல இருந்தா அப்பவே மாத்தணும்.

நம்ம ஊர்த் தண்ணிக்கு ஸ்டிக்கர் ஏன் பொருந்தாது

கம்பெனி ஸ்டிக்கர்ல "மெம்ப்ரேன் 24 மாதம்"னு இருந்தா, அது ஒரு சராசரித் தண்ணியை மனசுல வச்சு எழுதினது. நம்ம சமவெளியில ஒரே தெருவுல ரெண்டு விதமான தண்ணி வருது. ஒண்ணு, மேட்டூர் பக்கமிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டம் வழியா வர்ற காவிரித் தண்ணி. உப்பு கம்மி, குளோரின் போட்டது. இன்னொண்ணு போர்வெல். கீழ முழுக்க கெட்டிப் பாறை. அதோட இடுக்குல தங்கியிருந்து வர்ற தண்ணியில கால்சியம், மக்னீசியம் உப்பு நிறைய கரைஞ்சிருக்கும். பக்கெட்டுல வெள்ளைக் கறை, சோப்பு நுரைக்காம திரியறது எல்லாம் இதனாலதான்.

இந்த ரெண்டு தண்ணியும் பியூரிஃபையரை வேற வேற இடத்துல அடிக்குது. போர்வெல் தண்ணி மெம்ப்ரேன் மேல உப்புப் படிய வைக்கும். காவிரித் தண்ணியில உப்பு கம்மி, ஆனா குளோரின் இருக்கு. வீட்டு ஆர்.ஓ.ல இருக்கிற மெம்ப்ரேனை குளோரின் அரிச்சுடும். அதைத் தடுக்கிறது நடுவுல இருக்கிற கார்பன் ஃபில்டர். கார்பன் தீர்ந்துபோனா கண்ணுக்குத் தெரியாது, வெளிய வர்ற தண்ணியோட டேஸ்ட்லயும் உடனே தெரியாது. அதனால காவிரித் தண்ணி வர்ற வீட்டுல கார்பன் ஃபில்டரை "இன்னும் ரெண்டு மாசம் ஓட்டலாம்"னு நீட்டாதீங்க. நானூறு, ஐநூறு ரூபா மிச்சம் பிடிக்கப்போய் ரெண்டாயிரம் ரூபா மெம்ப்ரேன் போகும்.

அதுக்கும் முன்னாடி ஒரு கேள்வி இருக்கு. உங்களுக்கு ஆர்.ஓ. வேணுமா? டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. (இது உங்க சம்பளத்துல பிடிக்கிற டி.டி.எஸ். இல்ல, தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்போட மொத்த அளவு.) குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 இதுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம்னு வரம்பு வைக்குது. வேற தண்ணியே இல்லாத இடத்துல 2000 வரைக்கும் அனுமதிக்குது. உங்க வீட்டுக்கு வருஷம் முழுக்க 500-க்குக் கீழ காவிரித் தண்ணி மட்டும்தான் வருதுன்னா, உப்புக்காக ஆர்.ஓ. தேவைப்படாது, கிருமிக்கு மட்டும் வழி பண்ணாப் போதும். ஆர்.ஓ. செலவே வேண்டாம்னா ஏ.எம்.சி. கேள்வியும் அங்கயே முடிஞ்சுது.

ஒரு வீட்டுக் கணக்கைப் பார்ப்போம்

நாமக்கல்ல வாடகைக்கு இருக்கிற ஒரு சின்னக் குடும்பம்னு வச்சுக்குவோம். பெரும்பாலும் போர்வெல், மழைக்காலத்துல காவிரி. மெம்ப்ரேன் புதுசா போட்ட அன்னிக்கு உள்ள போற தண்ணி டி.டி.எஸ். 1100, வெளிய வர்றது 90. அப்போ மெம்ப்ரேன் நூத்துக்கு 92 பங்கு உப்பைத் தடுக்குது. நல்ல மெம்ப்ரேன் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்.

ஏப்ரல்ல உள்ள 1250, வெளிய 115. வெளிய வர்ற அளவு ஏறியிருக்கு. ஆனா உள்ள போறதும் ஏறியிருக்கு. தடுப்பு 91 பங்கு, ஒண்ணும் ஆகல. ஜூலையில உள்ள 1300, வெளிய 190. தடுப்பு 85. இறங்க ஆரம்பிச்சாச்சு.

அக்டோபர்லதான் வேடிக்கை. காவிரித் தண்ணி வருது. உள்ள 400, வெளிய 80. வெளிய வர்ற தண்ணியை மட்டும் அளந்தா "புதுசுல 90 இருந்துச்சு, இப்போ 80. மெஷின் சூப்பரா வேலை செய்யுது"ன்னு தோணும். கணக்குப் போட்டா தடுப்பு 80 பங்குதான். மெம்ப்ரேன் நல்லாவே தேஞ்சிருக்கு, நல்ல தண்ணி வந்ததால அது மறைஞ்சிருக்கு. போர்வெல் திரும்ப வந்ததும் வெளிய வர்ற அளவு 250-ஐத் தாண்டும்.

அதனால நோட்டுல எப்பவும் ரெண்டு எண்ணையும் எழுதுங்க: உள்ள போறது, வெளிய வர்றது. தடுப்பு 80-க்குக் கீழ இறங்கினா புது மெம்ப்ரேனுக்குக் காசு எடுத்து வைங்க. 75 வந்தா மாத்திடுங்க. என் கணக்கு இதுதான்.

அளக்கும்போது மூணு விஷயம் பார்த்துக்கோங்க. முதல்ல, காலையில வர்ற முதல் தண்ணியில அளக்காதீங்க. ராத்திரி மெஷின் நின்னு இருக்கும்போது உப்பு மெல்ல இந்தப் பக்கம் கசியும், அளவு அதிகமாக் காட்டும். மெஷின் பத்து நிமிஷம் ஓடின பிறகு அளங்க. ரெண்டாவது, சில மாடல்ல டேஸ்ட்டுக்காக உள்ள வர்ற தண்ணியைக் கொஞ்சம் கலந்து விடற ஒரு வால்வு இருக்கும். அதைத் திருகினாலே வெளிய வர்ற அளவு மாறும். சர்வீஸ்காரர் கைவச்ச பிறகு டி.டி.எஸ். திடீர்னு இறங்கினா, ஃபில்டரை மாத்தினாரா, வால்வை மூடினாரான்னு கேட்டு எழுதிக்கோங்க. மூணாவது, ஒரு லிட்டர் நிறைய எத்தனை நிமிஷம் ஆகுதுன்னும் குறிச்சுக்கோங்க. தண்ணி ரொம்ப மெதுவா வந்து, டி.டி.எஸ். அப்படியே இருந்தா, முதல்ல சந்தேகப்பட வேண்டியது அடைச்சுப்போன ப்ரீ ஃபில்டர். மெம்ப்ரேன் மேல பழி போட்டு ரெண்டாயிரம் செலவு பண்ண வேண்டாம், 150 ரூபா கேண்டில்ல வேலை முடியலாம்.

டி.டி.எஸ். மீட்டருக்குத் தெரியாததும் இருக்கு. கிருமி தெரியாது. ஃபுளோரைடும் தனியாத் தெரியாது. சேலம், நாமக்கல் மாவட்டங்கள்ல சில இடங்கள்ல போர்வெல் தண்ணியில ஃபுளோரைடு அனுமதிச்ச அளவைத் தாண்டி இருக்கு. ஐ.எஸ். 10500 படி லிட்டருக்கு ஒண்ணரை மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. அதுக்கு டேஸ்ட்டும் கிடையாது, வாசனையும் கிடையாது. சின்னப் பிள்ளைங்க வருஷக்கணக்கா குடிச்சா பல்லுல கறையா வரும்போதுதான் தெரியும். நல்ல மெம்ப்ரேன் ஃபுளோரைடைப் பெரும்பாலும் பிடிச்சுடும். தேஞ்ச மெம்ப்ரேன் உப்போட சேர்த்து இதையும் விட்டுடும். தடுப்பு எண்ணை மாசா மாசம் எழுதச் சொல்றது காசுக்காக மட்டும் இல்ல. வருஷத்துக்கு ஒருதடவை போர்வெல் தண்ணியை குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட ஆய்வகத்துல கொடுத்துப் பாருங்க. கெட்டா தெரியாத விஷயம் இது, அதனால தேதி கணக்குல போடுங்க.

யு.வி. விளக்கும் அப்படித்தான். நீலமா எரிஞ்சுகிட்டே இருக்கும், ஆனா கிருமியைக் கொல்ற கதிர் காலப்போக்குல குறைஞ்சிருக்கும். எரியுதேன்னு விடாதீங்க, கம்பெனி சொன்ன காலத்துல மாத்துங்க.

வீட்டுக்கு வந்து காட்டற மேஜிக்

இதைக் கண்டிப்பா சொல்லணும். சிலர் வீட்டுக்கு வந்து, உங்க தண்ணியில ரெண்டு கம்பி வச்ச ஒரு கருவியை விட்டு கரண்ட் கொடுப்பாங்க. ஒரு நிமிஷத்துல தண்ணி பழுப்பா, சேறா மாறும். பக்கத்துல அவங்க ஆர்.ஓ. தண்ணி அப்படியே தெளிவா இருக்கும். "பாத்தீங்களா மேடம், இதைத்தான் குடிக்கிறீங்க"ன்னு சொல்வாங்க. அந்தச் சேறு உங்க தண்ணியில இருந்து வரல, அந்த இரும்புக் கம்பி கரைஞ்சு வந்தது. உப்பு இருக்கிற தண்ணியில கரண்ட் நல்லாப் பாயும், கம்பி கரையும். உப்பு எடுத்த தண்ணியில கரண்ட் சரியாப் பாயாது, அதனால கம்பி கரையல. ஆர்.ஓ. தண்ணியில ஒரு சிட்டிகை உப்பு போட்டு அதே கருவியை விடச் சொல்லுங்க, அதுவும் பழுப்பாகும். உங்க நோட்டுல ஆறு மாச எண்கள் இருந்தா இந்த மேஜிக்குக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமே வராது.

கரப்பான் மருந்துக்கு மாசம் எண்ணாதீங்க

பெஸ்ட் கன்ட்ரோல்ல "மூணு மாசத்துக்கு ஒரு சர்வீஸ், வருஷத்துக்கு நாலு"ன்னு பேக்கேஜ் விப்பாங்க. சம இடைவெளியில மருந்து வைக்கிறது கேட்க ஒழுங்கா இருக்கு, ஆனா கரப்பான் அந்தக் கணக்குல வளர்றது இல்ல. கிச்சன்ல சின்னதா, பழுப்பா ஓடற வகைக்கு ஜெல் வைக்கிறாங்க. ஜெல் நடமாடற பூச்சியைக் கொல்லும். முட்டைக் கூட்டுக்குள்ள இருக்கிறதைக் கொல்லாது. அந்தக் குஞ்சுகள் சில வாரத்துல வெளிய வரும். அதனால முதல் சர்வீஸுக்கு அப்புறம் ரெண்டுல இருந்து மூணு வாரத்துல ரெண்டாவது தடவை வந்து பார்க்கணும். அதுக்கப்புறம் கண்ணுல படலைன்னா மாசக்கணக்கா ஒண்ணுமே செய்ய வேண்டாம்.

இதுக்கு நோட்டுல தேதியோட எண்ணிக்கையும் எழுதணும். பசை அட்டை ஒண்ணை சிங்க் அடியில, ஒண்ணை ஃபிரிட்ஜ் பின்னாடி வைங்க. வாரத்துக்கு எத்தனை ஒட்டுதுன்னு எழுதுங்க. பத்து இருந்தது ரெண்டாகி, அப்புறம் பூஜ்யம் ஆனா, அடுத்த சர்வீஸைத் தள்ளி வைக்கலாம். குறையவே இல்லைன்னா ரெண்டு காரணம் பாருங்க. ஒண்ணு, ஜெல் வச்ச இடத்துலயே நீங்க கடையில வாங்கின ஸ்பிரே அடிச்சிருப்பீங்க. ஸ்பிரே வாசனையில பூச்சி அந்தப் பக்கமே வராது, ஜெல்லைத் தின்னாது. இன்னொண்ணு, வருஷக்கணக்கா ஒரே மருந்து வச்சிருப்பாங்க. சர்வீஸ்காரர்கிட்ட மருந்தோட பேரைக் கேட்டு எழுதி வைங்க. அடுத்த தடவை "வேற மருந்து வைங்க"ன்னு கேட்க அது ஒண்ணுதான் வழி.

கரையான் இன்னும் வேற. மழை பெஞ்ச அன்னிக்கு சாயங்காலம் லைட்டைச் சுத்தி ஈசல் வர்றது சகஜம், ஜன்னல் வழியா வெளிய இருந்து வந்திருக்கும். ஆனா சுவர் ஓரத்துல, கதவு நிலையில இருந்தே ஈசல் கிளம்பினாலோ, சுவர்ல பென்சில் தடிமனுக்கு மண்கோடு ஏறினாலோ, புற்று வீட்டுக்குள்ள இருக்குன்னு அர்த்தம். வாடகை வீடுன்னா அன்னிக்கே போட்டோ எடுத்து, தேதியோட வீட்டு ஓனருக்கு வாட்ஸ்அப் பண்ணிடுங்க. கட்டடத்துக்குக் கரையான் மருந்து அடிக்கிறது நியாயமா ஓனர் செலவு. ரெண்டு வருஷம் கழிச்சுக் காலி பண்ணும்போது "நிலை உளுத்துப்போச்சு"ன்னு அட்வான்ஸ்ல பிடிச்சா, உங்க கையில இருக்கிற ஆதாரம் அந்த ஒரு மெசேஜ்தான்.

ஏசியும் கெய்சரும்

ஏசிக்கு பருவம்தான் கணக்கு. நம்ம ஊர்ல மார்ச்லயே வெயில் கொளுத்தும். அந்த நேரத்துல சர்வீஸ்காரர் போனையே எடுக்க மாட்டார், ரேட்டும் ஏறியிருக்கும். போன தடவை எப்போ செஞ்சிருந்தாலும் சரி, பிப்ரவரியில ஒரு சர்வீஸ்னு நிலையா வச்சுக்கோங்க.

கெய்சருக்கு ரெண்டு கணக்கும் வேணும். போர்வெல் தண்ணியில ஹீட்டர் காயில் மேல உப்பு கெட்டியாப் படியும். சுடற நேரம் கூடும், உள்ள பொரியற மாதிரி சத்தம் வரும். அது அளந்து தெரியறது. ஆனா டேங்கைத் துருவுல இருந்து காப்பாத்த உள்ள ஒரு மக்னீசியம் கம்பி இருக்கு. துரு டேங்கை விட்டுட்டு முதல்ல அதைத் தின்னும். கம்பி தீர்ந்துட்டா அடுத்தது டேங்க். டேங்க் ஓட்டையாச்சுன்னா புதுசுதான். கம்பி கரையறது வெளிய தெரியாது, அதனால வருஷத்துக்கு ஒருதடவை, மழைக்காலம் முடியறப்போ, கழட்டிப் பார்க்கச் சொல்லுங்க.

ஷீட் எப்படிப் போடறது

மொபைல் காலண்டர்ல "மூணு மாசத்துக்கு ஒருதடவை"ன்னு போட்டா, அது முதல் நாள்ல இருந்தே எண்ணும். நீங்க ஒரு மாசம் லேட்டா செஞ்சாலும் அடுத்த ரிமைண்டர் பழைய தேதியிலயே வரும். ரெண்டே மாசம் ஓடின கேண்டிலைத் தூக்கிப் போட வைக்கும். கடைசியா செஞ்ச நாள்ல இருந்து எண்ணணும்னா கூகுள் ஷீட் நல்லது.

ரெண்டு டேப் போடுங்க. முதல் டேப்ல பொருள் பட்டியல்: A-ல பேரு, B-ல எத்தனை மாசத்துக்கு ஒருதடவை, C-ல அடுத்த தேதி. ரெண்டாவது டேபுக்கு `Log`-னு பேர் வைங்க: A-ல பொருள், B-ல செஞ்ச நாள், அதுக்கப்புறம் செலவு, செஞ்சவர், உள்ள டி.டி.எஸ்., வெளிய டி.டி.எஸ்., குறிப்பு. ஒவ்வொரு தடவை வேலை முடிஞ்சதும் `Log`-ல புது வரி. மாசா மாசம் எடுக்கிற அளவையும் இங்கயே எழுதலாம், ஆனா பேரை "டி.டி.எஸ். அளவு"ன்னு தனியாப் போடுங்க. பழைய வரியை அழிக்காதீங்க, அந்தப் பழைய வரிகள்தான் உங்க ஊர்த் தண்ணியோட ஜாதகம். முதல் டேப்ல C2-ல இதைப் போடுங்க:

```
=EDATE(MAXIFS(Log!B:B,Log!A:A,A2),B2)
```

கடைசியா செஞ்ச நாளை அதுவே தேடி, அடுத்த தேதியைக் காட்டும். தேதிக்குப் பதிலா பெரிய எண் வந்தா `Format > Number > Date` கொடுங்க. ரெண்டு டேப்லயும் பொருள் பேரு எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். இல்லைன்னா 1900-ன்னு ஏதாவது பழைய வருஷம் காட்டும். ஷீட் பிடிக்கலைன்னா ஃபிரிட்ஜ் மேல ஒரு நாப்பது பக்க நோட்டு போதும், கணக்கு ஒண்ணுதான்.

இப்போ ஏ.எம்.சி. கேள்விக்கு வருவோம்

நம்ம நாமக்கல் குடும்பத்துக்கே திரும்பிப் போவோம். இந்த ரேட் எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்க ஊர் ரேட்டைப் போட்டுக்கோங்க. ஸ்பன் கேண்டில் 150 ரூபா, வருஷத்துக்கு நாலு: 600. உள்ள இருக்கிற ஃபில்டர் செட் கூலியோட 1300. மெம்ப்ரேன் 2400, ரெண்டு வருஷம் தாங்கினா வருஷத்துக்கு 1200. மொத்தம் 3100. ஏ.எம்.சி. கேட்கிறது 4500. அதிகமா போற 1400 எதுக்கு? பம்ப், அடாப்டர் மாதிரி திடீர்னு போற பொருளுக்கான காப்பீடு. அந்த ரெண்டும் சேர்த்து மூணு, நாலு வருஷத்துக்கு ஒருதடவை 2500 ரூபா செலவு வச்சா, வருஷத்துக்கு 850 வராது. அப்போ ஏ.எம்.சி. நஷ்டம்.

ஆனா இந்த வீட்டு நோட்டு என்ன சொல்லுது? பத்தாவது மாசத்துலயே தடுப்பு 80. மெம்ப்ரேன் ரெண்டு வருஷம் தாங்கப் போறது இல்ல, ஒரு வருஷம்தான். அப்போ மெம்ப்ரேன் கணக்கு 1200 இல்ல, 2400. மொத்தம் 4300. இப்போ 4500-க்கு பம்போட சேர்த்துக் கிடைக்குதுன்னா ஏ.எம்.சி. லாபம்! அதே மெஷின், அதே ஆஃபர், ஆனா நோட்டுல இருந்த ஒரு எண்ணால பதிலே தலைகீழா மாறுது.

கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. மெம்ப்ரேன் இதுல சேர்த்தியா, இல்ல ஃபில்டர் மட்டுமா? உள்ள வர்ற தண்ணி எத்தனை டி.டி.எஸ். வரைக்கும் செல்லும்? வரி சேர்த்து எவ்வளவு? முதல் கேள்விக்கு "இல்ல"ன்னு வந்தா, போர்வெல் வீட்டுக்கு அந்த ஏ.எம்.சி.யால பெரிய பிரயோஜனம் இல்ல. எதிர்ப்பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. வீட்டுல ரெண்டு பேரும் வேலைக்குப் போய், மாசம் ஒருதடவை அளக்கக்கூட நேரம் இல்லைன்னா, யாரோ ஒருத்தர் தேதி வச்சு வர்றதுக்கு அந்த 1400 ரூபாயைக் கொடுக்கிறதும் தப்பில்ல. ஆனா என்ன வாங்கறோம்னு தெரிஞ்சு கொடுங்க.

கடைசியா பட்ஜெட். ஆர்.ஓ. 4300, ஏசி சர்வீஸ் 600, கெய்சர் 700, மேல் டேங்க் கழுவ ரெண்டு தடவை 1400, கரப்பான் ஜெல் ரெண்டு விசிட் 1400. வருஷத்துக்கு 8400, மாசத்துக்கு 700. இதை எமர்ஜென்சி ஃபண்டுல இருந்து எடுக்காதீங்க. வரும்னு தெரிஞ்ச செலவு எமர்ஜென்சி ஆகாது. சம்பளம் வர்ற அன்னிக்கே 700-ஐத் தனி சேமிப்புக் கணக்குக்கு மாத்துங்க. அன்னிக்குச் சாயங்காலமே மீட்டரை எடுத்து உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு அளந்து எழுதிடுங்க, அஞ்சு நிமிஷ வேலை. ஏ.எம்.சி. போன் இந்த மாசமே வந்தா, "என் மெம்ப்ரேன் தடுப்பு இப்போ இவ்வளவு இருக்கு, உங்க பிளான்ல மெம்ப்ரேன் சேர்த்தியா?"ன்னு கேட்டுப் பாருங்க. அந்தப் பக்கம் பேச்சு எப்படி மாறுதுன்னு நீங்களே பார்ப்பீங்க.